பொருள்: உங்கள் பணி ஒப்பந்தம் 31.01.2026 அன்று முடிகிறது, புதுப்பிக்கப்படவில்லை

திருப்பூர்
08.12.2025, திங்கள்

அன்புள்ள கோமதி,

உங்கள் ஒப்பந்தம் ஜனவரி 31, சனிக்கிழமையோடு முடிகிறது. அதற்கு மேல் அதைப் புதுப்பிக்கப் போவதில்லை என்று நிர்வாகம் முடிவு செய்துவிட்டது. பிப்ரவரி 1 முதல் இங்கே உங்களுக்கு வேலை இருக்காது. முடிவில் மாற்றம் வரும் என்று எனக்குத் தோன்றவில்லை. அதனால் அந்த நம்பிக்கையில் எதையும் தள்ளிப்போட வேண்டாம்.

இதை மூன்று வாரம் முன்பே இப்படி நேராகச் சொல்லியிருக்க வேண்டும். அதற்குப் பதிலாக வாட்ஸ்அப்பில் என்னென்னவோ எழுதினேன். "இந்த வருஷம் நிலவரம் கொஞ்சம் டைட்", "ஜனவரிக்கு அப்புறம் பார்ப்போம்", "நாலு இடத்துல சொல்லி வைக்கிறது எப்பவும் நல்லதுதான்ம்மா". அதையெல்லாம் எழுதும்போது உங்களுக்குப் புரிந்திருக்கும் என்று நானே நினைத்துக்கொண்டேன். நவம்பர் 20 அன்று, "சார், அனுப்பர்பாளையத்துல பெரிய வீடு ஒண்ணு வருது, அட்வான்ஸ் 40,000 கேட்குறாங்க, கொடுக்கலாமா?" என்று கேட்டீர்கள். நான் கும்பிடுகிற கை படம் ஒன்றை மட்டும் அனுப்பிவிட்டு போனைக் கவிழ்த்து வைத்தேன். அன்றைக்கே எனக்கு விஷயம் தெரியும். எழுத்தில் வராமல் சொல்லக்கூடாது என்று ஒரு சாக்கும் கையில் இருந்தது. ஆனால் "கொஞ்சம் பொறுங்க" என்று சொல்வதற்கு எந்த எழுத்தும் தேவையில்லை. அது என் தவறு. மன்னித்துவிடுங்கள்.

அந்த அட்வான்ஸை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்க வேண்டாம். டோக்கன் மட்டும் கொடுத்திருந்தால் இன்றைக்கே சொல்லுங்கள், வீட்டுக்காரரிடம் நானே பேசுகிறேன். பணம் திரும்பாவிட்டால் அந்தத் தொகைக்கு நான் பொறுப்பு. கம்பெனி இல்லை, நான்.

இனி காரணம். உங்கள் வேலையில் குறை கண்டு எடுத்த முடிவு இல்லை இது. ஆகஸ்ட் 27-லிருந்து அமெரிக்காவுக்குப் போகும் நம் சரக்குக்கு 50 சதவீதம் கூடுதல் வரி. நம் இரண்டாவது லைன் முழுக்க ஒரே அமெரிக்க பையரின் குழந்தைத் துணியை நம்பி ஓடியது, அது உங்களுக்கே தெரியும். வரியில் பாதியை நாம் சுமக்க வேண்டும் என்றார்கள். அந்த விலைக்குத் தைத்தால் நூல் காசு கூடத் தேறாது. கோடை ஆர்டர் வரவில்லை. கையில் இருக்கும் கடைசி இரண்டு ஸ்டைல் ஜனவரி மூன்றாம் வாரம் கண்டெய்னர் ஏறியதும் அந்த லைன் நிற்கிறது. லைன் நின்றால் அதன் ஃபைனல் செக்கிங்கும் இல்லை. அந்தப் பிரிவில் ஒப்பந்தத்தில் இருக்கும் ஐந்து பேருக்கும் இதே முடிவுதான். முதல் லைனுக்கு உங்களை மாற்ற முடியுமா என்று இரண்டு தடவை கேட்டுப் பார்த்தேன். அங்கே இருக்கும் மூன்று கியூசியும் நிரந்தரப் பணியாளர்கள், நான்காவது இடம் இல்லை.

உங்கள் வேலையைப் பற்றி ஒன்று எழுதியே ஆக வேண்டும். ஜூன் மாதம் அந்த ரோம்பர் ஆர்டர். பேக்கிங் முடிந்து கார்ட்டனுக்கு டேப் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நீங்கள் மட்டும் பிரஸ் பட்டனில் சந்தேகம் வந்து, ஒரு கார்ட்டனைப் பிரித்து, புல் டெஸ்ட் மெஷினில் மாட்டினீர்கள். 90 நியூட்டன் தாங்க வேண்டிய பட்டன் பாதி வழியிலேயே கையோடு வந்துவிட்டது. 4,200 பீஸை நிறுத்தினீர்கள். அன்று இரவு புரொடக்‌ஷன் ஆள்கள் உங்களைத் திட்டியதும், நான் நடுவில் நின்றுகொண்டு யார் பக்கமும் பேசாமல் இருந்ததும் நினைவிருக்கிறது. குழந்தை வாய்க்குள் போகிற பட்டன் அது. அந்தச் சரக்கு போயிருந்தால் பையர் அப்போதே நம்மை விட்டுப் போயிருப்பார். உங்கள் அனுபவச் சான்றிதழில் இந்தச் சம்பவத்தைத் தனியாகக் குறிப்பிடச் சொல்லியிருக்கிறேன். "நன்னடத்தையுடன் பணிபுரிந்தார்" என்று எல்லோருக்கும் ஒரே அச்சில் அடிக்கும் தாளாக அது இருக்காது.

பண விவரம். பிப்ரவரி 1 ஞாயிறு. அதனால் செவ்வாய்க்கிழமை, பிப்ரவரி 3 மாலைக்குள் எல்லாம் சேர்த்து உங்கள் வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். ஜனவரி சம்பளம் 19,500 ரூபாய். மிச்சம் இருக்கும் 11 நாள் விடுப்புக்கு, நாளுக்கு 750 வீதம், 8,250. பணிக்கொடை 15,000. பணிக்கொடை ஐந்து வருஷம் இருந்தால்தானே என்று நீங்கள் கேட்கலாம், நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பில், குறித்த கால ஒப்பந்தத்தில் ஓராண்டு முடித்தவர்களுக்கும் அது உண்டு. ஜனவரி 31 அன்று உங்களுக்குச் சரியாக இரண்டு ஆண்டு. அடிப்படைச் சம்பளம் 13,000, அதை 26-ஆல் வகுத்து 15-ஆல் பெருக்கினால் ஓராண்டுக்கு 7,500. ஆக மொத்தம் 42,750. இதில் பிஎஃப் 1,560, இஎஸ்ஐ 147 பிடித்தம் போகக் கையில் வருவது 41,043. ஜனவரியில் ஓவர்டைம் பார்த்தால் அது இதற்கு மேல். விடுப்பு எடுத்தால் அந்த 8,250 குறையும்.

போனஸ் தனி. இந்த நிதியாண்டில் நீங்கள் வேலை செய்த பத்து மாதத்துக்கு உரியது, அடுத்த தீபாவளிக்கு மற்றவர்களுக்குப் போடும்போது உங்களுக்கும் வரும். அதுவரை வங்கிக் கணக்கை மூட வேண்டாம், போன் நம்பர் மாறினால் சொல்லிவிடுங்கள். இப்படிப் போனவர்களின் போனஸ் ஆள் தேட முடியாமல் கிடப்பில் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன்.

பிஎஃப்பில் நீங்கள் விலகிய தேதியை பிப்ரவரி 20-க்குள் ஆன்லைனில் ஏற்றிவிடுவோம். அது ஏறாவிட்டால் அடுத்த கம்பெனிக்கு மாற்றும்போது இழுத்தடிக்கும், அதனால் 20-ஆம் தேதி நீங்களே ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். அப்புறம் ஒரு விஷயம், இது மேலாளராக இல்லாமல் சொல்வது: முடிந்தவரை அந்தப் பணத்தை எடுக்காதீர்கள். அதே யுஏஎன் நம்பரைப் புது இடத்தில் கொடுங்கள். பழைய கம்பெனி மூன்று வருஷமும் இங்கே இரண்டும் சேர்த்து உங்களுக்கு ஐந்து வருஷக் கணக்கு இருக்கிறது. மாத ஓய்வூதியத்துக்குப் பத்து வருஷம் வேண்டும். பென்ஷன் பங்கை உருவிவிட்டால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டியதுதான்.

அம்மாவின் பிரஷர் மாத்திரையைப் பற்றிக் கவலை இருக்கும். வேலை நின்ற அன்றே இஎஸ்ஐ நின்றுவிடாது. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை உங்களுக்குப் பிடித்த பங்குக்கான பலன் ஜனவரியிலிருந்து ஜூன் வரை. அக்டோபரிலிருந்து பிடிப்பதற்கான பலன் ஜூலையிலிருந்து டிசம்பர் வரை. 78 நாளுக்குப் பங்கு கட்டியிருக்க வேண்டும் என்பது கணக்கு, ஜனவரி முடிய உங்களுக்கு அது தாராளமாகத் தாண்டிவிடும். ஆக 2026 டிசம்பர் வரை அம்மாவை அதே மருந்தகத்துக்குக் கூட்டிப் போகலாம். கவுன்ட்டரில் யாராவது "வேலையை விட்டுட்டீங்களே" என்று திருப்பி அனுப்பினால் எனக்குப் போன் செய்யுங்கள், நம் எச்ஆர் பேசுவார்.

இந்த ஏழெட்டு வாரத்தில் வேறு இடத்துக்கு இன்டர்வியூ போக நான்கு அரை நாள் சம்பளத்தோடு தருகிறோம், விடுப்பில் கழிக்க மாட்டோம். முந்தின நாள் சொன்னால் போதும், எந்தக் கம்பெனி என்று சொல்ல வேண்டியதில்லை. ஜனவரி 31-க்கு முன்பே வேலை கிடைத்துவிட்டால் ஒரு வாரம் முன்னால் சொல்லிவிட்டுப் போகலாம், நோட்டீஸ் பணம் எதுவும் பிடிக்க மாட்டோம். அப்படிப் போனால் பணிக்கொடையில் என்ன மாறும் என்று கையெழுத்துப் போடும் முன் என்னிடம் கேளுங்கள். இரண்டாம் ஆண்டு முழுதாக முடியாமல் போய்விடக்கூடாது.

அவிநாசி பக்கம் ஐரோப்பிய ஆர்டர் மட்டும் செய்கிற ஒரு இடத்தில் ஃபைனல் கியூசி தேடுகிறார்கள். அங்கே ஃபேக்டரி மேனேஜர் என்னோடு வேலை பார்த்தவர். நீங்கள் சரி என்றால் இன்று மாலையே உங்களைப் பற்றிப் பேசுகிறேன். சரி என்று சொல்லும் வரை உங்கள் பெயரை யாரிடமும் எடுக்க மாட்டேன். பின்னால் வேறு யார் விசாரித்தாலும் என் நம்பரைத் தாராளமாகக் கொடுங்கள்.

மார்ச்சில் ஆர்டர் வந்தால் கூப்பிடுவோம் என்று ஆறுதலுக்கு எழுத எனக்கும் ஆசைதான். எழுத மாட்டேன். இடம் வந்தால் முதல் போன் உங்களுக்குத்தான், அது வேறு. அதற்காக நீங்கள் காத்திருக்கக்கூடாது.

உங்களிடமிருந்து எங்களுக்கு வேண்டியது இரண்டே விஷயம். ஷேட் பேண்ட் ஃபைலும் அளவு ரிப்போர்ட் நோட்டும் ஜனவரி 24-க்குள் முதல் லைன் செக்கிங்குக்குப் போக வேண்டும். புல் டெஸ்ட் மெஷினை எப்படி செட் செய்வது என்று அங்கே ஒருவருக்குக் காட்டிக் கொடுங்கள். நீங்கள் போய்விட்டால் அதை ஒழுங்காக ஓட்ட இங்கே ஆள் இல்லை, நான் உட்பட.

விஷயம் இப்போது எம்டிக்கும் எச்ஆருக்கும் எனக்கும் மட்டும் தெரியும். மற்ற நான்கு பேருக்கும் இன்று தனித்தனியாகக் கடிதம் போகிறது. லைன் சூப்பர்வைசரிடம் புதன்கிழமை சொல்வோம். நீங்கள் யாரிடம் சொல்ல வேண்டும், எப்போது சொல்ல வேண்டும் என்பது உங்கள் விருப்பம். கணக்கில் எங்கேயாவது தவறு இருக்கிறது என்று பட்டால் எழுதிக் கொடுங்கள், ஏழு நாளுக்குள் எழுத்தில் பதில் வரும். தொழிலாளர் துறை அலுவலகத்தில் விசாரித்துப் பார்க்க நினைத்தாலும் நாங்கள் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

நாளை செவ்வாய்க்கிழமை மாலை 4 மணிக்கு சாம்பிள் ரூமில் உட்காரலாம். எச்ஆர் மேடமும் வருவார். அண்ணனையோ வேறு யாரையோ கூட்டி வர வேண்டும் என்றால் கூட்டி வாருங்கள், கேட்டில் சொல்லி வைக்கிறேன். நாளைக்குப் பேச மனம் இல்லை என்றால் வியாழக்கிழமை வைத்துக்கொள்ளலாம். இன்றைக்கு லைனில் நிற்க முடியவில்லை என்றால் பாதியில் வீட்டுக்குக் கிளம்புங்கள், ஆப்சென்ட் விழாது. இந்தக் கடிதத்துக்கு உடனே பதில் எழுத வேண்டியதில்லை. இணைத்திருக்கும் நகலில் கையெழுத்துப் போடுவது கடிதம் கிடைத்தது என்பதற்கு மட்டும்தான், முடிவை ஒப்புக்கொண்டதாக ஆகாது.

அந்த டோக்கன் விஷயத்தை மட்டும் இன்று இரவுக்குள் ஒரு வரி அனுப்பிவிடுங்கள். இந்தத் தடவை பதிலுக்கு படம் அனுப்ப மாட்டேன்.

இப்படிக்கு,
முருகேசன்
மேலாளர், தர ஆய்வுப் பிரிவு

நகல்: மனிதவளப் பிரிவு
இணைப்பு: கணக்குத் தாள் (1 பக்கம்), பெற்றுக்கொண்டதற்கான நகல்