செம்பருத்தி செம்பருத்தி: பூமலையில் பாட ஒரு பாட்டு

வரும் வியாழக்கிழமை காலை பாலர் வகுப்புப் பிள்ளைகள் 18 பேரும் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டமான பூமலைக்குப் போகிறார்கள். உடன் வரும் பெற்றோரும் ஆசிரியர்களும் முதல் நாள் இரவே இந்தப் பாட்டை இரண்டு முறை வாய்விட்டுப் பாடிப் பார்த்துவிடுங்கள். கைதட்டிக்கொண்டே பாடலாம், மெட்டு தானாக வந்துவிடும்.

தொடக்கப்பள்ளியில் அறிவியலை ஆங்கிலத்தில்தான் படிக்கப் போகிறார்கள். புல்லி, அல்லி, மகரந்தம் என்ற பெயர்கள் இந்த வயதில் நாவில் ஏறாவிட்டால் பிறகு எப்போது ஏறும்? ஆகவே, “பச்சை இலை”, “சிவப்பு இலை” என்று எளிதாக்கிச் சொல்லிக் கொடுக்க வேண்டாம். டைனோசர்களின் நீண்ட பெயர்களையெல்லாம் மூச்சு விடாமல் சொல்லும் பிள்ளைகள் இவர்கள்.

தோட்டத்தில் எந்தப் பூவையும் பறிப்பதில்லை. செம்பருத்திச் செடி கண்ணில் பட்டதும் அதைச் சுற்றி அரைவட்டமாக நில்லுங்கள். பிரித்துக் காட்டுவதற்காக என் வீட்டுத் தொட்டிச் செடியிலிருந்து நான்கு சிவப்புப் பூக்களை ஈரத்துணியில் சுற்றி எடுத்து வருகிறேன்.

*வணக்கம் சொல்லி, தலையை ஆட்டியபடி:*

செம்பருத்தி செம்பருத்தி,
செடியின் மேலே நீ ஒருத்தி!
காற்று வந்தால் தலையாட்டு,
காதில் வாங்கு எம் பாட்டு!

*வலது முழங்கையை மடித்து, கையை நேராக நிறுத்தி. இதுதான் காம்பு:*

காம்பு காம்பு பூக்காம்பு,
கையைப் போல நீள் காம்பு!
தாங்கித் தாங்கி நிற்கிறது,
தண்ணீர் மேலே தருகிறது!

*வலது கை விரல்களைக் குவித்து மொட்டாக்கி, இடது உள்ளங்கையால் அதை மூடி:*

மொட்டுக் குட்டி தூங்குது பார்,
மூடிய சட்டை பச்சை பார்!
சட்டையின் பெயரைச் சொல், சொல், சொல்!
புல்லி இதழ்! புல்லி இதழ்!

பெயரைக் கேட்கும் அடியைப் பெரியவர்கள் பாடுங்கள். பதிலைப் பிள்ளைகள் கத்தட்டும். பக்கத்தில் ஒரு மொட்டு இருந்தால் இங்கே சற்று நில்லுங்கள். மொட்டைக் காட்டாமல் புல்லியின் வேலையைப் புரிய வைக்க முடியாது. விரிந்த பூவில் அது வெறும் பச்சைக் கிண்ணம். மொட்டில்தான் அது சட்டை. அதற்கும் கீழே மெல்லிய பச்சைக் குச்சிகள் போல இன்னொரு வட்டம் தெரியும். அது புறப்புல்லி. யாராவது கேட்டால் மட்டும் சொல்லுங்கள்.

*இடது கையைக் கீழே இறக்கி, வலது மணிக்கட்டைச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, வலது கை விரல்களை ஒவ்வொன்றாக விரித்து:*

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு,
ஐந்தும் விரிந்தது, பார் இங்கு!
சிவப்பு இதழின் பெயர் என்ன?
அல்லி இதழ்! அல்லி இதழ்!

வண்ணம் எதற்கு, செம்பருத்தி?
வழியில் போகும் சிட்டுக்கு!
வா வா என்று அழைப்பதற்கு,
வந்தால் தேனைத் தருவதற்கு!

*எல்லாரும் சேர்ந்து, இரண்டு முறை. முதலில் மெதுவாக, பிறகு வேகமாக:*

வெளியே இருப்பது புல்லி,
உள்ளே விரிவது அல்லி!
புல்லி, அல்லி, புல்லி, அல்லி,
போவோம் நாமும் சொல்லிச் சொல்லி!

“அல்லி குளத்தில்தானே பூக்கும்?” என்று ஒரு பிள்ளையாவது கேட்கும். நல்ல கேள்வி. குளத்துப் பூவுக்கும் அந்தப் பெயர், எந்தப் பூவின் வண்ண இதழுக்கும் அந்தப் பெயர் என்று சொல்லுங்கள், போதும்.

*இடது ஆள்காட்டி விரலை விரிந்த வலது உள்ளங்கையின் நடுவில் நிறுத்தி:*

நடுவில் நீண்ட குழல் ஒன்று,
நாக்கை நீட்டி நிற்கிறது!
சுற்றிச் சுற்றி மஞ்சள் பொட்டு,
தூள் பறக்கும் விரல் பட்டு!

பொட்டைத் தாங்கும் தாள் என்ன?
மகரந்தத் தாள்! மகரந்தத் தாள்!
விரலில் ஒட்டிய தூள் என்ன?
மகரந்தம்! மகரந்தம்!

அவசரப்படாதீர்கள். இந்த இடத்தில்தான் பாட்டு நின்று, கண் வேலை செய்ய வேண்டும். நான் கொண்டுவரும் பூவை ஒவ்வொரு பிள்ளையும் சுண்டுவிரல் நுனியால் தொடட்டும். மஞ்சள் தூள் விரல்ரேகைக்குள் போய் உட்காரும். கருநிறத் தாளில் அந்த விரலை ஒற்றி எடுத்தால் சின்னச் சின்னப் புள்ளிகளாக விழும். அந்தத் தாளைப் பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் செல்லலாம். மூக்கை வைத்து முகர வேண்டாம் என்று மட்டும் சொல்லி வையுங்கள், தும்மல் வரும்.

*அதே ஆள்காட்டி விரலின் நுனியை ஆட்டி:*

உச்சியில் என்ன, உற்றுப் பார்,
ஒன்றல்ல, ஐந்து குண்டு பார்!
தூளைப் பிடிக்கும் முடி என்ன?
சூலக முடி! சூலக முடி!

ஐந்து உருண்டைகளும் வெல்வெட் துணி போல இருக்கும். குண்டூசித் தலையளவுதான். நான்கு உருப்பெருக்கிக் கண்ணாடிகள் இருக்கின்றன, முறை வைத்துப் பாருங்கள்.

*கையைக் குவித்துக் காதருகே வைத்து, குரலைத் தாழ்த்தி:*

அடியில் ஒளிந்த பை ஒன்று,
அமைதி, அமைதி, பார் இன்று!
நாளை விதைகள் உள்ளே தூங்கும்
சூற்பை! சூற்பை! குட்டிப் பை!

இதழ்களை உரித்தால்தான் சூற்பை தெரியும். அதை நானே நகத்தால் கீறிக் காட்டுகிறேன். தோட்டத்துச் செம்பருத்தி நம் ஊரில் காய்ப்பது அரிது, ஆகவே “விதை எங்கே?” என்ற கேள்விக்கு அங்கே பதில் கிடைக்காது. பதில் நண்பகல் உணவில் இருக்கிறது. வெண்டைக்காய் செம்பருத்தியின் உறவுக்காரச் செடி. காயைக் குறுக்கே வெட்டினால் பெரும்பாலும் ஐந்து அறைகள், அவற்றுக்குள் வெள்ளை வெள்ளையாய் விதைகள். சூற்பை வளர்ந்தால் காயாகும் என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் படமும் காட்டாது. அன்று யாராவது வெண்டைக்காய்ப் பொரியல் கொண்டுவந்தால் நன்றாக இருக்கும். பச்சைக் காய்கள் இரண்டை நான் எடுத்து வருகிறேன்.

*போகிற வழியில் இட்லிப்பூப் புதரைக் கண்டால், நடந்தபடியே:*

இட்லிப் பூவே, இதழ் எத்தனை?
எண்ணிச் சொன்னோம், நான்கத்தனை!
செம்பருத்திக்கு எத்தனை?
சேர்ந்து சொல்வோம், ஐந்தத்தனை!

நமது தேசிய மலரான வாண்டா மிஸ் ஜோக்கிமில் ஏன் தொடங்கவில்லை என்று ஓர் அம்மா கேட்டிருந்தார். 1981 முதல் அதுவே நம் தேசிய மலர், பிள்ளைகள் அதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். ஆனால் ஆர்க்கிட் பூவில் புல்லியும் நிறம் போட்டுக்கொண்டு அல்லியைப் போலவே நிற்கும். மகரந்தமும் சூலகமுடியும் ஒரே தண்டாக ஒட்டியிருக்கும். “புல்லி பச்சை” என்று இப்போதுதான் கற்ற பிள்ளை அங்கே குழம்பிப்போகும். செம்பருத்தியில் எல்லாம் தனித்தனியே, கைக்கெட்டும் அளவில் இருக்கின்றன. ஆர்க்கிட்டுக்கு ஒரே ஒரு வணக்கம் போதும்:

வாண்டா வாண்டா, வணக்கம் வா,
வளர்ந்த பிறகு வருகிறோம் வா!

*பஸ் ஏறுமுன், விரித்த விரல்களை மெல்ல மெல்ல மடக்கி:*

செம்பருத்தி செம்பருத்தி,
சாயும் பொழுதில் சுருங்கிடுவாய்!
இதழை மடித்து, தலை சாய்த்து,
இரவில் நீயும் உறங்கிடுவாய்!

பக்கத்துக் கிளையில் பச்சைச் சட்டை,
பார்த்தோம் நாங்கள் இன்னொரு மொட்டை!
நாளைக் காலை யார் வருவார்?
நல்ல பதிலை யார் தருவார்?