கடல் எச்சரிக்கை: சனி மதியம் 2 மணிக்குள் கரை சேருங்கள்

செட்சே, சைக்கமி, யே கரை மீனவர்களுக்கு. வெள்ளி இரவு 8 மணிக்கு எழுதியது. திங்கள் காலை 6 மணி வரை செல்லும்.

கோயில் ஒலிபெருக்கியில் வாசிக்க வேண்டியது இவ்வளவுதான்:

"அண்ணன்மாரே, தம்பிமாரே, கடல் எச்சரிக்கை. நாளை சனிக்கிழமை மதியம் 2 மணிக்குள் எல்லாப் படகும் முகத்துவாரம் தாண்டி உள்ளே வந்துவிட வேண்டும். வெளிக்கடலில் நிற்பவர்கள் காலை எட்டரைக்கே வலையை இழுக்கத் தொடங்குங்கள். இன்று இரவு யாரும் புதிதாகக் கிளம்ப வேண்டாம்.

காற்று தென்மேற்கு. சூறை அடிக்கும்போது மணிக்கு 40 மைல்.

அலை 8 முதல் 12 அடி.

சனி மதியத்துக்கு மேல் தொடங்கும். திங்கள் காலை வரை இருக்கும். எல்லாவற்றிலும் மோசமான நேரம் சனி மாலை 4 முதல் இரவு 8 வரை. இடம் முகத்துவாரம்.

அடுத்த தகவல் ஞாயிறு மாலை 7 மணிக்கு. அதைக் கேட்காமல் படகை இறக்காதீர்கள்."

வாசிக்கும் தம்பி, இதை மூன்று முறை வாசி. மணியைச் சொல்லும் இடத்தில் நிறுத்திச் சொல். மூன்றாம் முறை முடிந்ததும் பர்மிய மொழியிலும் ஒரு முறை வாசித்துவிடு. நம் படகுகளில் பாதிப் பேர் மோன்காரர்கள். வேறு எதையும் இதோடு சேர்க்காதே. நன்கொடை அறிவிப்பு, புரட்டாசிச் சனிக்கிழமை பூசை நேரம் எல்லாம் அரை மணி கழித்துச் சொல்லிக்கொள்ளலாம்.

துறைப் பலகையில் ஒட்டும் தாளில் மேலே உள்ளது பெரிய எழுத்தில் வரட்டும். கீழே உள்ளதைச் சின்ன எழுத்தில் ஒட்டுங்கள். நின்று படிக்க நேரம் உள்ளவர்களுக்கும், "நீயாக மணி போட்டாயா?" என்று கேட்பவர்களுக்கும் அது.

மியன்மார் வானிலை நீரியல் துறையிலிருந்து இன்று மாலை வந்த அறிக்கை, தமிழில்:

"வங்கக் கடலின் வடமேற்குப் பகுதியில் குறைந்த காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி நிலவுகிறது. தென்மேற்குப் பருவக்காற்று அந்தமான் கடலிலும் வங்கக் கடலிலும் வலுவாக உள்ளது. நாளை மாலை வரை தனிந்தாரி, மோன், கரேன் பகுதிகளில் பரவலாக மழை பெய்யும். ஓரிரு இடங்களில் கனமழை இருக்கும். ஏனைய பகுதிகளில் ஆங்காங்கே மழை பெய்யும். கடல் நிலை: நாளை பிற்பகல் முதல் டெல்டா கரை, மார்த்தபான் வளைகுடா, மோன், தனிந்தாரிக் கரைகளை ஒட்டியும் அவற்றுக்கு அப்பாலும் அவ்வப்போது சூறைக்காற்றுடன் கடல் கொந்தளிப்பாக இருக்கக்கூடும். சூறையில் தரைக்காற்றின் வேகம் மணிக்கு 40 மைலை எட்டக்கூடும். அலை உயரம் 8 முதல் 12 அடி. அடுத்த இரண்டு நாட்களுக்கும் பருவக்காற்று வலுவாகவே தொடரும்."

இதில் மழையை விட்டுவிட்டேன். மழைக்குப் பயந்து நம்மில் யாரும் திரும்பியதில்லை. தாழ்வுப் பகுதி இருக்கும் இடத்தையும் விட்டேன். அது இங்கிருந்து வெகுதூரத்தில், கடலின் மறுகரைப் பக்கம் இருக்கிறது. பெயரைச் சொன்னால் "அது இந்தியாவுக்குத்தானே போகிறது" என்று வலையை எடுத்துத் தோளில் போடுவார்கள். அது எங்கே கரை ஏறினாலும், தன் பக்கம் தென்மேற்குக் காற்றை இழுக்கும். அந்தக் காற்று நம் கரைக்கு நேராக வந்து மோதும். நமக்கு வேண்டியது இந்தக் காற்று மட்டும்தான்.

சில வருடங்களுக்கு முன் இதே ஒலிபெருக்கியில் நான் முழு அறிக்கையையும் வரிவரியாக வாசித்தேன். ஒரு வார்த்தை குறையக் கூடாது என்ற நினைப்பு. கடல் நிலை கடைசியில் இருந்தது. தாழ்வுப் பகுதி, மழை, மாநிலங்களின் பெயர்கள் என்று நான் வாசித்துக்கொண்டிருக்கும்போதே கீழே துறையில் இஞ்சின் சத்தம் கேட்டது. அலை உயரத்துக்கு நான் வந்தபோது அந்தப் படகு ஓடையின் வளைவைத் தாண்டியிருந்தது. மறுநாள் விடியலில் முகத்துவாரத்தில் கவிழ்ந்தது. பெரியவர் டீசல் கேனைக் கட்டிப் பிடித்துக்கொண்டு கரை ஏறினார். அவர் பையன் வரவில்லை. அன்றிலிருந்து முதல் வாக்கியத்திலேயே மணியைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த 2 மணி அறிக்கையில் இல்லை. அறிக்கை "பிற்பகல் முதல்" என்றுதான் சொல்கிறது. மணியை நான் ஓதத்தை வைத்துப் போட்டேன். அதன் கணக்கு இது. நாளை பௌர்ணமி. இரவும் பகலும் சமமாகும் காலத்தை ஒட்டி வரும் பௌர்ணமியில் ஓதம் வருடத்திலேயே பெரிதாக ஏறி, பெரிதாக வற்றும். சைக்கமியில் கடலுக்குள் நிற்கும் யேலே பகோடாவுக்குப் போகும் நடைபாலத்தைப் பாருங்கள். அதன் கீழ்த்தளம் ஓதம் ஏறும்போது தண்ணீருக்குள் போய்விடும். நாளை அந்தப் படிகள் ஒவ்வொன்றாக மறைவதைப் பகலிலேயே பார்க்கலாம். நாளைய உச்ச ஓதம் மதியம் 2.40. அதுவரை தண்ணீர் உள்ளே ஓடும், காற்றும் பின்னாலிருந்து தள்ளும். இரண்டும் ஒரே திசை. அலை நீளமாக, படகு ஏறி இறங்கத் தோதாக இருக்கும்.

3 மணிக்கு மேல் தண்ணீர் திரும்பும். சல்வீன் ஆற்றின் மழைவெள்ளமும் வற்றும் ஓதமும் சேர்ந்து முகத்துவாரம் வழியாக வெளியே பாயும். எதிரே தென்மேற்குக் காற்று. ஓட்டமும் காற்றும் முகத்தோடு முகம் மோதினால் அலையின் நீளம் சுருங்கும், முதுகு செங்குத்தாகும், தலை உடைந்து விழும். வெளியே 8 அடியாக வந்த அலை முகத்துவார மணல் திட்டின் மேல் சுவராக நிற்கும். மாலை 4 முதல் 8 என்று நான் சொன்னது இந்த வற்று ஓட்டத்தின் வேகமான நேரத்தை. இரவு 9 மணிவாக்கில் தண்ணீர் நிற்கும். ஆனால் அதற்குள் இருட்டு, அப்போது திட்டில் ஆழமும் இருக்காது. ஆகவே "9 மணிக்குப் பிறகு வந்துகொள்ளலாமா?" என்று கேட்பவருக்கு என் பதில், வேண்டாம். மதியம் தவறிவிட்டால் முகத்துவாரத்துக்கு வராதீர்கள். வெளியே ஆழத்தில் முகப்பைக் காற்றுக்குக் கொடுத்து, இஞ்சினை நிறுத்தாமல், விடியும்வரை தாங்குங்கள். ஞாயிறு உச்ச ஓதம் பிற்பகல் மூன்றரை. அதற்கு முந்தைய ஏற்றத்தில், பகல் வெளிச்சத்தில் நுழையுங்கள்.

காலை எட்டரை ஏன்? நம் படகு மணிக்கு 6 மைல் ஓடும். 20 மைல் வெளியே நிற்பவர் வர மூன்று மணி 20 நிமிடம். வலை இழுக்க ஒன்றரை மணி. எட்டரைக்குத் தொடங்கினால் 10 மணிக்குக் கிளம்பி, ஒன்றேகாலுக்கு மேல் முகத்துவாரம். கையில் அரை மணிக்கு மேல் மிச்சம் இருக்கும். அது இஞ்சின் மக்கர் பண்ணினால் வேண்டியது. அதற்கு மேல் தூரத்தில் இருப்பவர்கள் இன்று இரவே திரும்புங்கள். யேவுக்குத் தெற்கே இரண்டு நாள் தொழிலுக்குப் போன படகுகள் உண்டு. அவர்கள் வீட்டார், மாமி அத்தை யாரானாலும், இந்தத் தாளைப் பார்த்தவுடன் கூப்பிட்டுச் சொல்லுங்கள். நாளை விடிந்தபின் அவர்களுக்குச் சிக்னல் கிடைக்கும் என்று நம்பி இருக்க வேண்டாம்.

40 மைல் என்பது சூறை அடிக்கும்போது. மற்ற நேரம் 20 மைல் போல இருக்கலாம், வானம் கொஞ்சம் வெளுக்கவும் செய்யும். அங்கேதான் ஏமாறுகிறோம். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் படகைத் தள்ளும் பலம் நான்கு மடங்கு. மேற்கே கடலை ஒட்டிக் கறுப்பு மேகம் வளைந்து திரண்டு, முகத்தில் சில்லென்று காற்றுப் பட்டால் சில நிமிடங்கள்தான் இருக்கின்றன. அதற்குமேல் வலையை மீட்க நினைக்க வேண்டாம், அறுத்துவிடுங்கள். வலைக்குக் கடன் வாங்கலாம்.

12 அடி என்பதும் ஒவ்வொரு அலையும் 12 அடி என்று பொருள்படாது. பொதுவாகக் கடல் அறிக்கைகளில் சொல்லும் அலை உயரம் பெரிய அலைகளின் சராசரி. இடையில் தனி அலை ஒன்று அதன் ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்கு வரை எழும்பும். நம் படகின் நீளமே முப்பது அடிக்குள்தான்.

இன்னொன்று. மாலையில் துறையில் இரண்டு பேர் கேட்டார்கள், "நிறம் ஒன்றும் சொல்லவில்லையே?" என்று. மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என்ற நிறங்கள் புயலுக்கு மட்டும். 2008 மே 2ஆம் தேதி நர்கீஸ் டெல்டாவில் ஏறிய பிறகு எல்லோர் மனத்திலும் புயல் என்றால்தான் ஆபத்து என்று பதிந்துவிட்டது. இது புயல் இல்லை, நிறமும் வராது. பருவக்காற்றின் சூறைக்கு நிறம் கிடையாது. ஆனால் முகத்துவாரத்தில் கவிழ்ந்த நம் படகுகள் நிறம் அறிவிக்காத நாட்களில்தான் கவிழ்ந்தன.

கரையில் உள்ளவர்களுக்கு: கருவாடும் இறாலும் காயப்போட்டிருக்கும் அக்காமார் நாளை காலை 11 மணிக்குள் பரண்களைக் காலி செய்துவிடுங்கள். ஓதமும் காற்றும் சேர்ந்து தண்ணீர் வழக்கத்துக்கு மேல் ஏறும். கட்டி நிற்கும் படகுகளை ஓடைக்குள் இழுத்து, இரண்டு நங்கூரம் போட்டு, கயிற்றைத் தளர்த்தி நீளமாக விடுங்கள். இறுக்கிக் கட்டினால் ஏறும் தண்ணீர் முனையைப் பிய்த்துக்கொண்டு போகும். ஓடைக்குள் வீச்சு வலை போடுபவர்களைத் தடுக்கவில்லை. பிள்ளைகளை மட்டும் செட்சே மணல்பக்கம் விடாதீர்கள்.

பௌர்ணமி ஓட்டத்தில் மீன் படும் என்பது எனக்கும் தெரியும். மூன்று வாரமாக டீசல் காசுகூடத் தேறாத வீடுகள் எவை என்றும் தெரியும். நாளை திரும்பி வரும் படகுகளுக்கு ஐஸ் தீராமல் இருக்கத் துறைக் கடைக்காரரிடம் சொல்லிவைத்திருக்கிறேன். 2 மணிக்கு நானே துறை முனையில் நோட்டோடு நிற்பேன். உள்ளே வரும் ஒவ்வொரு படகையும் எழுதிக்கொள்வேன். இன்று மாலை வரை வெளியே இருப்பவை பதினான்கு.