நாலு மணி வடையும் நாற்பது வயதும்

எல்லாருக்கும் வணக்கம். வெயில் ஏறுவதற்குள் முடித்துவிடுகிறேன்.

நாலு மணிக்கு மணி அடித்ததும் கொழிஞ்சாம்பாறை பஸ் ஸ்டாண்ட் பக்கம் யார் யார் நிற்கிறீர்கள் என்று எனக்குத் தெரியும். கையில் பழம்பொரி, பருப்பு வடை, இல்லையென்றால் ஒரு பாக்கெட் சிப்ஸ். திட்ட வரவில்லை. ஆசிரியர் அறைக்கும் அதே கடையிலிருந்துதான் வருகிறது.

கொலஸ்ட்ரால் என்றால் தாத்தா மாத்திரை போடுகிற விஷயம் என்று நினைக்கிறீர்கள். கொரியப் போரில் இறந்த அமெரிக்கச் சிப்பாய்களின் இதயங்களை மருத்துவர்கள் பரிசோதித்து 1953-ல் எழுதினார்கள். சராசரி வயது 22. அவர்களில் பெரும்பாலோருக்கு அந்த வயதிலேயே இதய ரத்தக் குழாய்களில் நோயின் அடையாளம் இருந்தது. அப்படியானால் அது தொடங்கியது எப்போது? உங்கள் வயதில்.

குழாயில் அழுக்கு அடைப்பது மாதிரி என்று சொல்வார்கள். அது சரியில்லை. கொலஸ்ட்ரால் என்கிற கொழுப்பு ரத்தக் குழாயின் சுவருக்கு உள்ளே புகுந்து தங்குகிறது. வலிக்காது, மூச்சு வாங்காது, எதுவும் தெரியாது. பல வருஷம் கழித்து அந்த இடம் வெடித்து ரத்தம் உறையும்போதுதான் மாரடைப்பு.

எண்ணெய் பாக்கெட்டில் ‘கொலஸ்ட்ரால் இல்லை’ என்று பெரிதாகப் போட்டிருப்பான். எந்தத் தாவர எண்ணெயிலும் கொலஸ்ட்ரால் கிடையாது, அதில் பெருமை என்ன? பாமாயிலில் பாதிக்குப் பாதி நிறைவுற்ற கொழுப்பு. நம் தேங்காய் எண்ணெயில் அதைவிட அதிகம், நூற்றுக்குத் தொண்ணூறு அளவுக்கு. இந்தக் கொழுப்பு கூடினால், ரத்தத்திலிருக்கும் எல்.டி.எல். என்கிற கெட்ட கொலஸ்ட்ராலை ஈரல் சரியாக இழுத்துக்கொள்ளாது. அது ரத்தத்திலேயே சுற்றும். வீட்டுக் குழம்புக்கு ஒரு கரண்டி ஊற்றுவதைச் சொல்லவில்லை. தினமும் பொரித்தது தின்பதைச் சொல்கிறேன். எண்ணெய் கறுத்துப் புகைகிற சட்டியாக இருந்தால் அந்தக் கடைப் பக்கமே போகாதீர்கள்.

வடையை மட்டும் குற்றம் சொன்னால் பாதிக் கதைதான். தின்றுவிட்டு பஸ்ஸில் உட்கார்ந்து, டியூஷனில் உட்கார்ந்து, வீட்டில் ஃபோனோடு படுத்தால் தின்றது செலவாக வழியே இல்லை. உங்கள் வயதுக்குத் தினம் 60 நிமிடம் உடம்பு அசைய வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். மூச்சு வாங்குகிற அளவுக்கு, சும்மா நடை போதாது. பெண் பிள்ளைகளே, உங்களுக்கும் அதே 60 நிமிடம்தான். ‘வயசுக்கு வந்த பிள்ளை ஓடக் கூடாது’ என்று வீட்டில் சொன்னால் என்னிடம் அழைத்து வாருங்கள், நான் பேசுகிறேன்.

இன்னொன்று. அப்பா, சித்தப்பா, மாமா யாருக்காவது ஐம்பது வயதுக்குள் மாரடைப்பு வந்திருந்தால் வீட்டில் கேட்டு வையுங்கள். சில குடும்பங்களில் ஒல்லியான பிள்ளைக்கும் கொலஸ்ட்ரால் பரம்பரையாக வரும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும்.

கடைக்குப் போகவே வேண்டாம் என்றால் கேட்க மாட்டீர்கள். வாரம் ஒரு நாள் போங்கள், வெள்ளிக்கிழமை என்று வைத்துக்கொள்ளுங்கள். மற்ற நாள் அவித்த கடலையோ நேந்திரம் பழமோ போதும். பொரிக்காத பழம்!

இன்று முதல் மைதானம் ஐந்தே கால் வரை திறந்திருக்கும். வாலிபால் வலை கட்டியாகிவிட்டது, பந்து பி.டி. சாரிடம் இருக்கிறது. வேலந்தாவளம் பஸ் பிடிக்கிறவர்கள் மட்டும் முன்னமே கிளம்பலாம். சரி, வரிசையாக வகுப்புக்குப் போங்கள், எட்டாம் வகுப்பு முதலில்.