கடைமடைத் தண்ணீர்

மூன்று நாளாக அதே புகார். சைசிங் எந்திரத்தின் கஞ்சித் தொட்டி 88 டிகிரியில் நிற்க வேண்டும். 83க்கு இறங்கும், 93க்கு ஏறும், திரும்ப இறங்கும். ஐந்து நிமிடத்துக்கு ஒரு சுற்று. சூடு ஏறினால் கஞ்சி இளகும், இறங்கினால் தடிக்கும். பாவு நூலில் ஏறும் கஞ்சி மாறி, தறியில் இழை அறுந்துகொண்டே இருந்தது. தறி மேஸ்திரி என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டார்.

சென்சாரை மாற்றினேன். நீராவி வால்வைக் கழற்றித் துடைத்தேன். கன்ட்ரோலருக்கு வேகம் போதவில்லையோ என்று PB எண்ணை 6லிருந்து 4 ஆக்கினேன்; அது குறைந்தால் வால்வை இன்னும் பலமாகத் திருப்பும். ஆட்டம் இன்னும் கூடியது.

நான்காம் நாள் ஃபோர்மேன் கந்தசாமி ஐயா வந்தார். திருப்புளியைக்கூடத் தொடவில்லை.

"மேனுவலில் போடு, தம்பி."

வால்வை 35 சதவீதத்தில் நிறுத்தினேன். கால் மணி நேரத்தில் வரைகோடு படுத்துவிட்டது.

"நீராவி அழுத்தத்தில் குற்றமில்லை. வால்வு ஒட்டினாலும் இப்படி அடங்கும், அதையும் பார்த்துவிடுவோம்." ஒவ்வொரு சதவீதமாக ஏற்றச் சொல்லி, வால்வுத் தண்டில் விரலை வைத்திருந்தார். ஒவ்வொரு முறையும் நகர்ந்தது. திரும்ப 35க்கே இறக்கி, கோடு படுக்கும்வரை காத்திருந்தோம். "இப்போது ஒரேயடியாக ஐந்து ஏற்று. கடிகாரத்தைப் பார்."

பத்து வினாடி, இருபது, நாற்பது. திரையில் எண் அசையவே இல்லை. ஐம்பதாவது வினாடியில்தான் 88.1 வந்தது.

"போன மாதம் சென்சார் உறை ஓட்டையானதே, என்ன போட்டாய்?"

"ஸ்டோரில் தடித்த உறைதான் இருந்தது, ஐயா."

அவர் சிரித்தார். "மடையைத் திறந்த உடனே கடைமடைக்குத் தண்ணீர் வருமா? வரவில்லையே என்று இன்னும் திறந்தால், வரும்போது வரப்பு உடையும். பதறி அடைத்தால் பின்னால் வயல் காயும். உன் கன்ட்ரோலர் அதைத்தான் செய்கிறது. ஐம்பது வினாடி கழித்துச் சேதி வருகிற இடத்தில், நாற்பது வினாடிக்கு ஒருமுறை திருத்தம் சேர்க்கிறது."

நான் திரையைப் பார்த்தேன். அந்த இடைவெளிக்கான எண், Ti 40. மெல்லிய உறை இருந்த காலத்து எண்.

பிடியைத் தளர்த்தினோம். PB 4லிருந்து 12, Ti 40லிருந்து 200. எனக்குத்தான் மனம் ஒப்பவில்லை. மந்தமாக்கினால் எப்படிச் சரியாகும்? ஆட்டோவில் போட்டு, செட் எண்ணை இரண்டு டிகிரி ஏற்றினோம். கோடு சோம்பலாக ஏறி, அரை டிகிரி தாண்டி, திரும்பி வந்து உட்கார்ந்தது. பிறகு 88க்கு இறக்கினோம். ஷிப்ட் முடியும்வரை அரை டிகிரிக்கு மேல் அசையவில்லை.

காலையில் தொட்டி சூடேற முன்னைவிட நேரம் பிடிக்கிறது என்று மேஸ்திரி குறைப்பட்டுக்கொண்டார். என்னிடம் பேசினாரே, அதுவே போதும்.

மெல்லிய உறைக்கு ஆர்டர் எழுதிவிட்டு, பேனல் கதவின் உட்பக்கம் ஒரு சீட்டு ஒட்டினேன்: "PB 12, Ti 200. தடித்த உறைக்கு மட்டும்."