பால்கனி இனிமே உன் பொறுப்பு

டேய் தம்பி,

ஞாயித்துக்கிழமை நான் கிளம்பிடுவேன். நேர்ல சொன்னா நீ போனைப் பாத்துட்டே ம்ம் ம்ம்னு தலையாட்டுவ, அதான் எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டிட்டேன்.

முதல்ல தண்ணி. மணி பாத்து ஊத்தாத, மண்ணுல விரல விட்டுப் பாரு, உள்ள ஈரமா இருந்தா பேசாம வந்துரு. அப்பாவுக்கு வாக்கிங் முடிச்சு வந்ததும் எல்லா தொட்டிக்கும் ஒரு சொம்பு ஊத்தலேன்னா கை சும்மா இருக்காது, அவர புதினா பக்கம் திருப்பி விட்ரு, அது தாங்கும். கத்தாழை கிட்ட மட்டும் விட்ராத, வேர் அழுகினாலும் மேல பச்சையா நின்னு ஏமாத்தும், தொட்டா கொழகொழன்னு சாயும்போதுதான் தெரியும்.

கறிவேப்பிலைய அம்மா இலை இலையா உருவுவாங்க. நுனியோட கொத்தா கிள்ளச் சொல்லு, அப்பதான் பக்கத்துல கிளை வெடிக்கும், இல்லேன்னா ஒத்தக் குச்சியா மேல போயிட்டே இருக்கும். அதுல பறவை எச்சம் மாதிரி ஒண்ணு ஒட்டிட்டு இருந்தா தொடைக்காத, அது புழு, வளந்து பச்சையாகி அப்புறம் பட்டாம்பூச்சி ஆயிடும். ரெண்டு மூணு இருந்தா விட்ரு, அதுக்கு மேல போனா செடிய மொட்டையடிச்சிரும், பாவம் புண்ணியம் பாக்காம எடுத்துரு.

செம்பருத்திதான் வீட்டுலயே பெரிய டிராமா குயின். வெயில்ல ஒருநாள் காஞ்சாலும் மொட்டு கொட்டும், எடம் மாத்தினாலும் கொட்டும், அதனால அந்த மூலைய விட்டு நகத்தவே நகத்தாத. தண்டுல எறும்பு வரிசையா ஏறுச்சுன்னா மேல மாவுப்பூச்சி இருக்குன்னு அர்த்தம். முதல்ல தண்ணிய வேகமா பீச்சி அடி, போகலேன்னா ஒரு லிட்டர் தண்ணிக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், ரெண்டு சொட்டு சோப்பு கரைசல் கலந்து இலைக்கு அடியிலயும் படுற மாதிரி அடி, ஆனா சாயங்காலமா, உச்சி வெயில்ல அடிச்சா இலை கருகிடும்.

ரோஜா ஒட்டுச் செடி. அடியில முடிச்சு மாதிரி இருக்கே, அதுக்குக் கீழ இருந்து செம வேகமா ஒரு தளிர் வரும், பாத்து சந்தோஷப்படாத, அது வேற செடியோட கிளை, உடனே நறுக்கு. மல்லி பூத்து ஓஞ்சதும் கொஞ்சம் வெட்டி விடு, புதுத் தளிர்லதான் பூக்கும். அம்மா "ஐயோ வெட்றியே"ம்பாங்க, காதுல வாங்காத.

துளசில கதிர் வந்தா கிள்ளிரு. மணி பிளான்ட்டப் பத்தி எழுத ஒண்ணுமில்ல, நேர் வெயில்ல மட்டும் வைக்காத. நீ எடுத்துட்டு வரப்போற பூனைக்கு அது எட்டக்கூடாது, கடிச்சா வாயெல்லாம் எரியும்.

தொட்டிக்கு அடியில இருக்குற தட்டுல தண்ணி நிக்க விடாத, கொசு வந்துரும். காத்து பலமா அடிச்சா கைப்பிடிச் சுவர் மேல இருக்குற சின்னத் தொட்டிங்கள உடனே கீழ இறக்கிரு. வேப்பெண்ணெய் வாஷிங் மெஷின் மேல உள்ள தட்டுல இருக்கு, பாதிதான் மிச்சம், வாங்கி வை. மொதல் வாரம் தினமும் போட்டோ அனுப்பு, செம்பருத்தி கண்டிப்பா.

அக்கா