தம்பி செந்திலுக்கு

திருச்சி,
ஞாயிறு இரவு

அன்புள்ள தம்பி,

போனில் பேசினால் இரண்டாவது நிமிஷமே நீ கோபப்படுவாய், நான் அழுதுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

போன வாரம் துறையூர் வந்தபோது உன் பட்டறை வாசல் வரை வந்தேன். காலை ஒன்பது மணி இருக்கும். மோட்டாருக்குள் செப்புக் கம்பியை இறக்கிக்கொண்டிருந்தாய். கை ஆடியது. வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு மறுபடியும் இறக்கிப் பார்த்தாய். அப்புறம் பின்பக்கம் போய் வாயைத் துடைத்துக்கொண்டு வந்தாய். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றுவிட்டது. என்ன பேசுவதென்று தெரியாமல் நான் அப்படியே திரும்பிவிட்டேன்.

உன்னிடம் நான் மன்னிப்புக் கேட்க வேண்டும். கார்த்திகையில் மாலை போட்டு மூன்றாம் நாளே கழற்றினாய். "நாலு நாள்கூட மனசை அடக்க முடியலையா?" என்று எல்லார் முன்னாலும் கேட்டேன். அந்த மூன்று நாளும் நீ கண் மூடவில்லை, வேர்த்துக் கொட்டியது, சுவரில் பூச்சி ஊர்கிறது என்று பயந்தாய் என்பதெல்லாம் கவிதா இப்போதுதான் சொன்னாள். பெரியாஸ்பத்திரி டாக்டரிடம் போய்க் கேட்டேன். தினமும் குடித்துப் பழகின உடம்பு திடீரென்று நிறுத்தினால் அப்படித்தான் ஆகுமாம். வலிப்பு வரலாம், உயிருக்கே ஆபத்தாகலாம் என்றார். உன் மனசு பலவீனம் என்று நினைத்தேனே, தப்புடா.

அதனால் நீயாக நாளைக்கே நிறுத்திவிடாதே. முதலில் டாக்டரைப் பார். நடுக்கம் வராமல் இருக்க மாத்திரை கொடுத்து, அதையும் படிப்படியாகக் குறைப்பார்களாம். பி1 வைட்டமின் ஊசி போடுவார்கள். ஈரலுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. தேவைப்பட்டால் சில நாள் படுக்கையில் வைத்துப் பார்ப்பார்கள். மனநலப் பிரிவு என்று போர்டு இருக்கும், அதைப் பார்த்துத் தயங்காதே. உன்னைப் போல வேலைவெட்டி உள்ளவர்கள்தான் அங்கே வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாளைக்கு எவ்வளவு, காலையில் எத்தனை மணிக்கு என்று கேட்டால் மட்டும் குறைக்காமல் சொல்லு. அதை வைத்துத்தான் மருந்தின் அளவாம். நான் கூட இருக்க வேண்டாமென்றால் வெளியே உட்கார்ந்துகொள்கிறேன்.

அதற்கு முன்னால் யாரிடமாவது பேசத் தோன்றினால் 14416 என்ற மனநல உதவி எண்ணுக்கு அடி. ராத்திரியிலும் எடுப்பார்கள், காசு கிடையாது. ஆனால் வலிப்போ, ஆள் தெரியாமல் பேசுவதோ வந்தால் காத்திருக்கக் கூடாது, 108-க்கு அடிக்கச் சொல்லிக் கவிதாவிடம் சொல்லியிருக்கிறேன்.

வியாழக்கிழமை லீவு போட்டிருக்கிறேன். காலை முதல் பஸ்ஸில் ஏறு. வெறும் வயிற்றோடு வராதே. சத்திரம் பஸ் ஸ்டாண்டில் துறையூர் பஸ் வந்து நிற்கிற இடத்திலேயே நிற்பேன். நடுக்கம் இருந்தாலும் பரவாயில்லை, அப்படியே வா.

உன் அக்கா,
மல்லிகா