மருந்துவேளை: செயலி அறிமுகக் காணொளி (57 நொடி, திரைப்பதிவு எழுத்துப்படி)

எங்கே ஓடும்: செயலியை முதல்முறை திறந்ததும், ஒரே ஒரு தடவை. பிறகு 'உதவி' பக்கத்தில் எப்போதும் இருக்கும்.
அளவு: நெட்டுவாக்கில் 1080 x 1920, நொடிக்கு 30 ஃப்ரேம்.
குரல்: ஒரே குரல், நிதானமாக. பின்னணி இசை வேண்டாம்.

பதிவு தொடங்கும் முன்

இதைப் பார்க்கப்போகிறவர் இப்போதுதான் மருத்துவரைப் பார்த்துவிட்டு மாத்திரைப் பையோடு வந்திருப்பார். கண் மங்கலாக இருக்கலாம், கை நடுங்கலாம். அதனால் ஒவ்வொரு தொடுதலுக்கும் முன்னும் பின்னும் அரை நொடி திரை அசையாமல் நிற்கட்டும். தட்டச்சு செய்யும் இடத்தை மட்டும் இரண்டு மடங்கு வேகமாக்கலாம், வேறெதையும் வேகப்படுத்தாதீர்கள்.

செயலியின் வெளியீட்டுப் பதிப்பில் திரைப்பதிவுக்குத் தடை போட்டிருக்கிறோம். அதில் பதிந்தால் வெறும் கறுப்புத்திரைதான் வரும். சோதனைப் பதிப்பையே பயன்படுத்துங்கள். போன் மொழி தமிழில் இருக்கட்டும், எழுத்தளவு ஒரு படி பெரிதாக. சொந்தப் போனில் பதிய வேண்டாம். நடுவில் யாருடைய செய்தியாவது எட்டிப்பார்த்தால் முழுப் பதிவும் வீண்.

விரல் படும் இடம் வட்டமாகத் தெரியவும், மேல்பட்டை சுத்தமாக இருக்கவும்:

```
adb shell settings put system show_touches 1
adb shell settings put global sysui_demo_allowed 1
adb shell am broadcast -a com.android.systemui.demo -e command enter
adb shell am broadcast -a com.android.systemui.demo -e command notifications -e visible false
```

ஐபோன் பதிவில் தொடுதல் வட்டம் தானாக வராது. அந்தப் பதிப்புக்கு எடிட்டிங்கில் வரைந்துகொள்ளலாம். நிறமும் அளவும் ஆண்ட்ராய்டு வட்டத்தைப் போலவே இருக்கட்டும்.

காட்சி 1 (0:00 – 0:06)

திரை: பூட்டுத்திரை, மணி 8:40. விரல் போனைத் திறக்கிறது. முகப்பில் மருந்துவேளை சின்னம், அதைத் தொட்டதும் செயலி திறக்கிறது. 'தவிர்' பொத்தான் முதல் ஃப்ரேமிலிருந்தே மேல் வலதுமூலையில் இருக்க வேண்டும்.

குரல்: "காலை மாத்திரையைப் போட்டோமா, இல்லையா? இந்தச் சந்தேகம் இனி வேண்டாம். இது மருந்துவேளை."

திரை எழுத்து: போட்டோமா, இல்லையா?

காட்சி 2 (0:06 – 0:21) மருந்தைச் சேர்ப்பது

திரை: காலியான பட்டியல். கீழே கூட்டல் குறி, விரல் அதைத் தொடுகிறது. பெயர்ப் பெட்டியில் 'பிரஷர் மாத்திரை' என்று எழுத்துகள் விழுகின்றன. அளவு: 1. நேரம்: காலை 8:00. 'சேமி'. பட்டியலில் முதல் வரி வந்து உட்காருகிறது. அதன்மேல் ஒரு முழு நொடி நில்லுங்கள்.

குரல்: "முதலில் ஒரு மருந்தைச் சேர்ப்போம். கீழே உள்ள கூட்டல் குறியைத் தொடுங்கள். பெயரை நீங்கள் வீட்டில் சொல்வது போலவே எழுதலாம். எத்தனை மாத்திரை, எத்தனை மணிக்கு என்று குறித்துவிட்டு, 'சேமி' என்பதைத் தொடுங்கள்."

திரை எழுத்து: 1. மருந்தைச் சேருங்கள்

'பிரஷர் மாத்திரை' என்றே இருக்கட்டும். எந்த நிறுவனத்தின் மருந்துப் பெயரும் திரையில் வரக் கூடாது. அட்டையில் இருக்கும் நீளமான பெயரைத் தட்டச்சு செய்ய முடியாமல்தான் பலர் இந்தப் படியிலேயே நின்றுவிடுகிறார்கள் என்று நினைக்கிறேன். தனக்குத் தெரிந்த பெயரே போதும் என்பதைக் கண்ணால் பார்த்துவிட்டால் அந்தத் தயக்கம் போய்விடும். இங்கே விசைப்பலகை மேலே எழும்பும், ஆகவே திரை எழுத்தை எல்லாக் காட்சியிலும் மேல்பாதியிலேயே வையுங்கள்.

காட்சி 3 (0:21 – 0:38) கூப்பிடுவதும் குறிப்பதும்

திரை: 'சேமி' தொட்டதும் அறிவிப்புக்கான அனுமதிப் பெட்டி. விரல் 'அனுமதி' என்பதைத் தொடுகிறது. வெட்டு. பூட்டுத்திரை, மணி 8:00, மருந்துவேளை அறிவிப்பு ஒலியோடு வருகிறது: "பிரஷர் மாத்திரை, 1". கீழே இரண்டு பொத்தான்கள்: 'போட்டாச்சு', '10 நிமிடம் கழித்து'. விரல் 'போட்டாச்சு' என்பதைத் தொடுகிறது. செயலிக்குள் அந்த வரியில் பச்சைக் குறி, பக்கத்தில் 8:02.

குரல்: "அறிவிப்புக்கு அனுமதி கேட்கும், கொடுங்கள், இல்லையென்றால் எங்களால் உங்களைக் கூப்பிட முடியாது. நேரம் வந்ததும் போன் ஒலிக்கும். மாத்திரையை விழுங்கிய பிறகு 'போட்டாச்சு' என்பதைத் தொடுங்கள். கை வேலையாக இருந்தால், 'பத்து நிமிடம் கழித்து'."

திரை எழுத்து: 2. விழுங்கிய பிறகு 'போட்டாச்சு'

இந்தக் காட்சிக்குத்தான் நேரத்தை அதிகமாக ஒதுக்கியிருக்கிறேன். ஆண்ட்ராய்டு 13 முதல், புதிதாக நிறுவிய செயலி அறிவிப்பு அனுப்ப வேண்டுமானால் பயனரிடம் அனுமதி கேட்டாக வேண்டும். பழக்கத்தில் 'வேண்டாம்' என்று தட்டிவிட்டால், மருந்தையெல்லாம் சேர்த்துவைத்தும் ஒரு சத்தமும் வராது. அவர் செயலியை நம்பிக் காத்திருப்பார், வேளை தவறிப்போகும். அந்தப் பெட்டியை வெட்டி எறிந்தால் காணொளி அழகாக இருக்கும், ஆனால் வெட்ட வேண்டாம்.

குரல் கொடுப்பவருக்கு: "விழுங்கிய பிறகு" என்பதில் அழுத்தம் வேண்டும். முதலில் பொத்தானைத் தொட்டுவிட்டு அப்புறம் மறந்துபோவது மிகவும் எளிது.

பதிவு செய்பவருக்கு: மேலே உள்ள கட்டளைகள் மேல்பட்டையைத்தான் மாற்றும், பூட்டுத்திரையின் பெரிய கடிகாரத்தை மாற்றாது. போனின் நேரத்தைக் கையால் 7:59க்கு வைத்துவிட்டு ஒரு நிமிடம் காத்திருங்கள்.

காட்சி 4 (0:38 – 0:52) ஒருவருக்குத் தகவல்

திரை: 'துணை' பக்கம். 'ஒருவரைச் சேர்' தொட்டதும் பட்டியலில் 'மகள்' என்ற பெயர் வருகிறது. வெட்டு. மகளின் போன் திரை, மணி 8:30: "அம்மா 8 மணி மருந்தை இன்னும் குறிக்கவில்லை." கீழே 'அழை' பொத்தான். வெட்டு. மறுபடி அம்மாவின் திரை, 'தகவல் அனுப்பு' என்ற சுவிட்சை விரல் அணைத்துக் காட்டுகிறது.

குரல்: "வேளை தவறி அரை மணி நேரம் ஆகிவிட்டால், நீங்கள் சேர்த்த ஒருவருக்கு மட்டும் தகவல் போகும். யாரைச் சேர்ப்பது என்பது உங்கள் விருப்பம். எப்போது வேண்டுமானாலும் நிறுத்திவிடலாம்."

திரை எழுத்து: 3. உங்கள் விருப்பப்படி ஒரு துணை

அறிவிப்பில் 'குறிக்கவில்லை' என்றே வர வேண்டும், 'சாப்பிடவில்லை' என்று வரக் கூடாது. பொத்தானைத் தொடவில்லை என்பது மட்டும்தான் செயலிக்குத் தெரியும். மருந்தின் பெயரும் மகளின் திரையில் வராது. சுவிட்சை அணைக்கும் அந்த இரண்டு நொடியைத் தயவுசெய்து குறைக்காதீர்கள். தன்னைக் கண்காணிக்கிறார்களோ என்ற எண்ணம் அம்மாவுக்கு வரவே கூடாது.

காட்சி 5 (0:52 – 0:57)

திரை: மீண்டும் காலியான பட்டியல். கூட்டல் குறி ஒருமுறை மெல்லப் பெரிதாகிச் சிறுக்கிறது.

குரல்: "சரி, முதல் மருந்தைச் சேர்ப்போமா?"

திரை எழுத்து: முதல் மருந்தைச் சேர்

எடிட்டிங்குக்கு

போனில் பதிந்த காணொளியில் ஃப்ரேம் வேகம் சீராக இருக்காது. அப்படியே குரலோடு சேர்த்தால் போகப்போகத் திரையும் குரலும் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகிவிடும். முதலில் சீராக்கிக்கொள்ளுங்கள்:

```
ffmpeg -i scene3.mp4 -vf fps=30 -c:v libx264 -pix_fmt yuv420p scene3_30.mp4
```

குரலில் வரும் ஒவ்வொரு வாக்கியமும் திரையிலும் வரிகளாக வர வேண்டும். ஒலியை அணைத்துவைத்திருப்பவருக்கும் காது கேளாதவருக்கும் அதுதான் குரல். ஒரு நேரத்தில் இரண்டு வரிக்கு மேல் வேண்டாம். வெள்ளை எழுத்து, பின்னால் கறும்பட்டை.

ஆப் ஸ்டோர் முன்னோட்டத்துக்கு 30 நொடிதான் உச்சம். அதற்குக் காட்சி 2, 3 இரண்டையும் மட்டும் வைத்துத் தனியாக ஒன்று வெட்டலாம். 32 நொடி வரும். தட்டச்சுப் பகுதியில் இரண்டு நொடியைக் குறைத்துக்கொள்ளுங்கள்.

காணொளி முடிந்ததும் கடைசி ஃப்ரேம் மறைந்து, அதே இடத்தில் உண்மையான கூட்டல் குறி நிற்க வேண்டும். பார்த்தவரின் விரல் அப்படியே அதில் போய்ப் படட்டும்.